ஏழு பக்க வெப்சைட்டில் எட்டாவது கோரிக்கை வந்தால்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் நடத்தும் வெப்சைட் நிறுவனம். ஏழு பக்கத்துக்கு 60,000 ரூபாய் பேசினோம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கூடுதல் கேட்கிறார். இப்போது தமிழிலும் வேண்டுமாம். எவ்வளவு கேட்பது நியாயம்? உறவு கெடாமல் எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைக் கணக்கிடுங்கள். சம்பளம், வாடகை, மென்பொருள் எல்லாம் சேர்த்து மாதம் 1,80,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு மாதம் 480 மணி நேரம். அதில் போன், மீட்டிங், கொட்டேஷன் போக, பில் போடக்கூடியது 300 மணிதான் தேறும். அடக்கம் மணிக்கு 600 ரூபாய். லாபம் சேர்த்து 800. பலர் 480-ஆல் வகுத்துவிட்டு, ஓயாமல் வேலை செய்தும் காசு மிஞ்சவில்லையே என்று விழிப்பது இங்கேதான்.

தமிழ்ப் பதிப்பு வாடிக்கையாளர் காதுக்கு ஒரே வரி. செய்பவருக்கு மொழி மாற்றும் வசதியை அமைக்க 5 மணி, ஏழு பக்கங்களை ஏற்ற 7 மணி, படிவங்களுக்கும் தானியங்கி மின்னஞ்சல்களுக்கும் 2 மணி, மொபைலில் மெனு உடைகிறதா என்று பார்க்க 2 மணி. நீளமான தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பட்டனுக்குள் அடங்காது. கடைசி இரண்டு மணியை விட்டுவிடாதீர்கள். மொத்தம் 16 மணி, 12,800 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி. மொழிபெயர்ப்பை யார் தருவது என்பதையும் எழுதிவிடுங்கள்.

இதை ஒரே பக்கத்தில் மாற்றக் கோரிக்கையாக அனுப்புங்கள்: என்ன கூடுகிறது, எத்தனை மணி, எவ்வளவு தொகை, ஒப்படைக்கும் தேதி எத்தனை நாள் தள்ளிப்போகும். பணத்தை விட தேதியைச் சொன்னதும்தான் பலர், "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். வாட்ஸ்அப்பில் கேட்கட்டும், தவறில்லை. ஆனால் மின்னஞ்சலில் "சம்மதம்" என்று பதிலும் பாதி முன்பணமும் வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். போனில் பேசும்போதே டிசைனர் "செஞ்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டால் விதி அன்றே செத்தது. விலை, தேதி பற்றிப் பேச ஒருவரை மட்டும் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் காசு கேட்கக் கூடாது. ஒப்புக்கொண்டது சரியாக இயங்கவில்லை என்றால் அது உங்கள் பிழை. இலவசமாகவே திருத்த வேண்டும். ஒப்புதல் கொடுத்த டிசைனை மாற்றச் சொன்னால்தான் கட்டணம். போன் எண் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு ஒரு புராஜெக்ட்டுக்கு 3 மணி நேரம் ஒதுக்கி, அதையும் பில்லில் "கட்டணம் 0" என்று காட்டுங்கள். தொடங்காத பக்கம் ஒன்றை அவர் வேண்டாம் என்றால் அந்த மணி நேரத்தைக் கழித்துக்கொடுங்கள். கூட்ட மட்டும் தெரிந்த கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த வேலையில் இதுவரை செய்து கொடுத்த கூடுதல்களுக்கு இப்போது பில் போடாதீர்கள். முன்பே சொல்லாத தொகை சண்டையில்தான் முடியும். அவற்றைப் பட்டியலிட்டு, இலவசமாகச் செய்தவை என்று குறித்து, தமிழ்ப் பதிப்புக்கான கோரிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள்.