மட்டு நேர்மாறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை பெங்களூரிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மட்டு நேர்மாறு பற்றியவை. கல்லூரிகளில் லேப் தேர்வு நெருங்குவது தெரிகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த முறையில் நேர்மாறு கண்டாலும், கிடைத்த எண்ணை மூல எண்ணோடு பெருக்கி, மட்டு எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் பாதிக் கடிதங்கள் வந்திருக்காது.

சார், மட்டு 40-ல் 7-க்கு நேர்மாறு 23 என்று புத்தகத்தில் இருக்கிறது. என் C++ புரோகிராமில் -17 வருகிறது. எங்கே தப்பு? (அல்சூர்)

கணக்கில் தப்பில்லை. -17-உடன் 40-ஐக் கூட்டினால் 23. C++, Java இரண்டிலும் குறை எண்ணை % போட்டால் மீதியும் குறை எண்ணாகவே வரும். கடைசி வரியில் `((t % m) + m) % m` என்று எழுதுங்கள். Python-ல் m நேர் எண்ணாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆர்.எஸ்.ஏ லேப். p = 5, q = 11, e = 7. ஃபெர்மா முறையில் d கண்டுபிடித்தேன், 9 வந்தது. 8-ஐ மறையாக்கினால் 2 வருகிறது. ஆனால் 2-ஐத் திரும்ப விடுவித்தால் 17 வருகிறது. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலும் இதே புரோகிராம்தான் இருக்கிறது. அவர்களுக்கு எப்படி வேலை செய்தது? (கே.ஆர்.புரம், பொறியியல் மாணவி)

அவர்களுக்கும் வேலை செய்திருக்காது. யாரும் விடுவித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான் பிழை கண்ணில் பட்டது.

வருடா வருடம் இந்தப் பிழை என் மேஜைக்கு வருகிறது. "நேர்மாறு வேண்டுமா, m-2 அடுக்குக்கு உயர்த்து" என்று ஃபெர்மா முறையை ஒரே வரியாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த வரிக்கு முன்னால் இருக்கும் நிபந்தனையைச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு. m பகா எண்ணாக இருந்தால் மட்டுமே அது செல்லும். போட்டி நிரலாக்கத்தில் மட்டு எண் பெரும்பாலும் 10^9+7 அல்லது 998244353. இரண்டும் பகா எண்கள் என்பதால் அங்கே வரி பொய்ப்பதில்லை, பழகியும் போகிறது. அதே பழக்கத்தோடு ஆர்.எஸ்.ஏ-க்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். n = 55, φ(n) = 4 × 10 = 40. d என்பது மட்டு 40-ல் 7-க்கு நேர்மாறு, மட்டு 55-ல் அல்ல. நீங்கள் கண்டது `pow(7, 38, 40)`. 7-ன் வர்க்கம் 49, மட்டு 40-ல் 9. அதன் வர்க்கம் 81, மட்டு 40-ல் 1. ஆக நான்கு அடுக்குக்கு ஒருமுறை 1 திரும்ப வருகிறது. 38-ஐ நான்கால் வகுத்தால் மீதி 2, எனவே விடை 9. பெருக்கிப் பாருங்கள்: 7 × 9 = 63, மீதி 23. 1 வரவில்லை, ஆகவே 9 நேர்மாறே இல்லை. புரோகிராம் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அமைதியாக ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்தப் பிழையில் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

இப்போது யூக்ளிட் வழி. 40, 7 என்று தொடங்கி வகுத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மீதிக்கும் பக்கத்தில் ஒரு பெருக்கெண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 40-க்கு 0, 7-க்கு 1.

40-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 5. பெருக்கெண் 0 - 5×1 = -5.
7-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 2. பெருக்கெண் 1 - 1×(-5) = 6.
5-ஐ 2-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1. பெருக்கெண் -5 - 2×6 = -17.

மீதி 1 வந்துவிட்டது. பெருக்கெண் -17, அதாவது 23. இதில் ஒரு வசதி உண்டு. எந்த வரியில் நிறுத்தினாலும் 7-ஐ அந்த வரியின் பெருக்கெண்ணால் பெருக்கினால், மட்டு 40-ல் அந்த வரியின் மீதிதான் கிடைக்கும். 7 × 6 = 42, மீதி 2. சரியாக இருக்கிறது. காகிதத்தில் போடும்போது ஒவ்வொரு வரியையும் இப்படிச் சரிபார்த்தால், எந்த வரியில் கை தவறியது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

```python
def nermaru(a, m):
    r0, r1 = m, a % m
    t0, t1 = 0, 1
    while r1:
        q = r0 // r1
        r0, r1 = r1, r0 - q*r1
        t0, t1 = t1, t0 - q*t1
    return t0 % m if r0 == 1 else None
```

d = 23 வைத்து 2-ஐ விடுவிப்போம். மட்டு 55-ல் 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தினால் 2, 4, 16, 36, 31 வரும். இவை 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுக்கு உரியவை. 23 = 16 + 4 + 2 + 1. அதனால் 31, 16, 4, 2 ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். 31 × 16 = 496, மீதி 1. அதை 4-ஆலும் 2-ஆலும் பெருக்கினால் 8. உங்கள் செய்தி திரும்பி வந்துவிட்டது.

"அடுக்கு வழியிலேயே போகக்கூடாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். போகலாம். ஆனால் m-2-க்குப் பதிலாக φ(m)-1 வேண்டும். φ(40) = 16, எனவே 7-ன் 15-வது அடுக்கு. அதுவும் 23 தரும். ஆனால் φ(40) காண 40-ஐக் காரணிப்படுத்த வேண்டும். 40-க்கு அது விளையாட்டு. நிஜ ஆர்.எஸ்.ஏ-வில் φ(n) சுமார் 617 இலக்க எண். அதைக் காரணிப்படுத்த உட்காருவது வீண் வேலை. யூக்ளிட் வழிக்கு m-ன் காரணிகள் தேவையே இல்லை. இன்னொன்று: e பெரும்பாலும் 65537. முதல் வகுத்தலிலேயே 617 இலக்க எண் போய், 65537-ஐவிடச் சிறிய மீதி வந்துவிடும். அதன்பின் எல்லாம் சின்ன எண்கள், மொத்தம் 25 படிகளுக்குள் முடிந்துவிடும்.

p, q இரண்டும் ஒற்றைப்படைப் பகா எண்கள் என்றால் φ(n) 4-ஆல் வகுபடும். அது பகா எண்ணாக இருக்கவே முடியாது. ஆகவே ஆர்.எஸ்.ஏ சாவி காண `phi - 2` என்று யாராவது எழுதியிருந்தால் யோசிக்காமல் அடித்துவிடுங்கள். ரெக்கார்டு நோட்டையும் திருத்துங்கள், அடுத்த வருடம் அதைப் பார்த்து எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்காக.

நேர்மாறு புரோகிராம் சின்ன எண்ணுக்கு வருகிறது, பெரிய எண்ணுக்கு வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். அவசரம். (எலக்ட்ரானிக் சிட்டி)

எந்த எண், எந்த மட்டு, என்ன விடை வந்தது என்று எதுவும் எழுதவில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் பாதித் திரையில் வேறு ஏதோ ஓடுகிறது. அடுத்த முறை உள்ளீட்டையும் விடையையும் எழுதி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பதில் வராது.

படத்தில் தெரிந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது: `(long long)pow(a, p-2) % p`. இது C-யின் தசம எண் `pow`. முழு அடுக்கையும் கண்டபிறகுதான் மீதி எடுக்கிறீர்கள். மட்டு 7-ல் 3-க்கு இது 243-ன் மீதி 5 என்று சரியாகத் தரும். மட்டு 101-ல் 3-ன் 99-வது அடுக்கு வேண்டும், அது 48 இலக்க எண். `double` சுமார் 16 இலக்கம்தான் துல்லியமாக வைத்திருக்கும், `long long` 19 இலக்கத்துக்கு மேல் தாங்காது. மீதியைத் தீர்மானிக்கும் கடைசி இலக்கங்கள் போனபிறகு மீதி எடுத்து என்ன பயன்? ஒவ்வொரு பெருக்கலுக்கும் பின்னால் மீதி எடுக்கும் சுழற்சியை நீங்களே எழுதுங்கள். சரியான விடை 34, ஏனென்றால் 3 × 34 = 102. பெருக்கிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

மட்டு எண் 10^12 அளவில் இருந்தால்? (ஜாலஹள்ளி)

இரண்டு எண்களின் பெருக்கம் 10^24 வரை போகும், 64 பிட் எண்ணின் எல்லை சுமார் 9 × 10^18. GCC-யில் `__int128` கொண்டு பெருக்கி, மீதி எடுத்து, பிறகு திரும்ப 64 பிட்டில் வையுங்கள்.

பகா மட்டு 10^9+7-தான், யூக்ளிட் வேகமா, அடுக்கு வேகமா? (மாரத்தஹள்ளி)

நீங்கள் கவலைப்படும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அடுக்கு 30 பிட் எண், ஆகவே சுமார் 30 வர்க்கமும் அதிகபட்சம் இன்னொரு 30 பெருக்கலும். யூக்ளிட் வழியில் சராசரியாக 18 படி. சிறிய எண்ணின் இலக்கங்களைப்போல் ஐந்து மடங்கைப் படிகள் தாண்டாது என்று லாமே 1844-லேயே நிறுவிவிட்டார். மட்டு பகா எண் என்பது உறுதியானால் கைக்கு எது வருகிறதோ அதை எழுதுங்கள்.

நீங்கள் லட்சக்கணக்கில் நேர்மாறு காண்பதாக எழுதியிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டியது அதைத்தான். சேர்வுக் கணக்கு என்றால் n!-க்கு ஒரே ஒருமுறை நேர்மாறு கண்டு, அதை n-ஆல் பெருக்கினால் (n-1)!-ன் நேர்மாறு, அதை n-1-ஆல் பெருக்கினால் அதற்கு முந்தையது என்று கீழே இறங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல்தான். n மட்டு எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

அடுக்கு முறையில் நேர்மாறு 0 என்று வருகிறது. (ராமமூர்த்தி நகர்)

உங்கள் எண் பகா மட்டு p-யின் மடங்கு. அதற்கு நேர்மாறு கிடையாது. அடுக்கு முறை அதைச் சொல்லாமல் 0 தந்துவிடும். யூக்ளிட் முறையில் மீ.பொ.வ 1 இல்லை என்று கண்டு நிறுத்திவிடலாம். Python 3.8 முதல் `pow(a, -1, m)` இருக்கிறது, நேர்மாறு இல்லாவிட்டால் அது `ValueError` எழுப்பும்.

இந்த யூக்ளிட் வழி நம் ஆரியபட்டரின் குட்டகம்தானே? (மல்லேஸ்வரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஆமாம் ஐயா. தொடர்ந்து வகுத்து, ஈவுகளை வைத்துப் பின்னோக்கி வரும் வழி 499-ஆம் ஆண்டின் ஆரியபடீயத்தில் உள்ளது. பலவகை மீதிகளைத் தரும் எண்ணைக் காண்பதற்காகச் சொல்லப்பட்டது, உள்ளே நடப்பது இதே வேலைதான்.

நீங்கள் சொன்ன, திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தும் வேக அடுக்கு முறையை ஆபீஸில் நிஜ சாவிகளுக்குப் பயன்படுத்தலாமா? (வைட்ஃபீல்ட்)

கூடாது. இரகசிய அடுக்கின் பிட் 1 ஆனால் ஒரு பெருக்கல் கூடுதலாக நடக்கிறது, 0 ஆனால் நடப்பதில்லை. எடுக்கும் நேரத்தை அளந்தே சாவியைக் கறக்கலாம் என்று பால் கோச்சர் 1996-ல் காட்டினார். Python-ன் `pow`-உம் இதற்கென்று எழுதப்பட்டதல்ல. எந்த பிட்டுக்கும் ஒரே நேரம் எடுக்குமாறு எழுதி, பலர் சோதித்த மறையாக்க நூலகத்தையே பயன்படுத்துங்கள்.