மே மாதம் மட்டும் மூன்று சம்பளம் ஏன்?

கேள்வி: வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். பழைய கம்பெனியில் 15-ஆம் தேதியும் மாதக் கடைசியிலும் 2,600 டாலர் வீதம் சம்பளம். ஜனவரியில் கம்பெனி மாறினார். வருடச் சம்பளம் அதே 62,400 டாலர்தான் என்கிறார், ஆனால் ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை 2,400 தான் வருகிறது. மே மாதம் மட்டும் மூன்று தடவை வந்தது. என்னிடம் எதையும் மறைக்கிறாரா?
– வாசகி, கருங்கல்

பதில்: இல்லை சகோதரி, அவர் சொன்னது உண்மைதான். நீங்கள் எழுதிய எண்களே அதற்குச் சாட்சி. பழைய கம்பெனி மாதம் இரண்டு என்று வருடத்துக்கு 24 தடவை கொடுத்தது, 62,400-ஐ 24-ஆல் வகுத்தால் 2,600. புதுக் கம்பெனி மாதத்தைப் பார்ப்பதே இல்லை, பதினான்கு நாளை எண்ணிக்கொண்டே போகிறது, அப்படிப் போனால் வருடத்தில் 26 சம்பளம் வரும், 26-ஆல் வகுத்தால் 2,400. பத்து மாதம் 4,800 வீதம் 48,000, மற்ற இரண்டு மாதம் 7,200 வீதம் 14,400. கூட்டிப் பாருங்கள், ஒரு டாலர்கூடக் குறையாது.

அந்த இரண்டு மாதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம்ம ஊர் ரப்பர் தோட்டத்தையே பாருங்கள். ஒன்றுவிட்ட நாள் பால் வெட்டுகிற தோட்டத்தில், 31 நாள் உள்ள மாதத்தின் முதல் தேதியே வெட்டு நாளாக இருந்தால் அந்த மாதம் 16 வெட்டு, இல்லாவிட்டால் 15 (மழை கெடுக்காமல் இருந்தால்). வெட்டுகிறவர் ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை, மாதம் தொடங்கிய இடம்தான் வேறு. சம்பளமும் அப்படித்தான். இரண்டு சம்பளத்துக்கு 28 நாள் போதும், மிஞ்சுகிற இரண்டு மூன்று நாள் சேர்ந்து சேர்ந்து வருடத்தில் இரண்டு கூடுதல் சம்பளமாகிறது. எந்த மாதம் என்று கண்டுபிடிக்க, முதல் சம்பளத் தேதியைப் பாருங்கள்: 31 நாள் மாதத்தில் அது 1, 2, 3-இல் வந்தால் மூன்று சம்பளம், 30 நாள் மாதத்தில் 1 அல்லது 2-இல் வர வேண்டும்.

மே மாதம் 1, 15, 29 என மூன்று வெள்ளி வந்தது. இனி அக்டோபரில் 2, 16, 30. இந்த வருடம் அவ்வளவுதான். அக்டோபர் 30 சம்பளத்தில் கையில் வருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பயப்படாதீர்கள், பல கம்பெனிகள் மருத்துவக் காப்பீட்டுப் பணத்தை மாதம் இரண்டு தடவைதான் பிடிப்பார்கள், மூன்றாவதில் விட்டுவிடுவார்கள்.

எனக்கு உங்கள் விஷயத்தில் கவலை தருவது வேறு. தேதி நகருகிறது. பழைய கம்பெனியில் மாதக் கடைசிச் சம்பளம் வந்து, 5-ஆம் தேதி வீட்டு லோனுக்குப் பணம் தயாராக இருந்திருக்கும். இப்போது ஆகஸ்டைப் பாருங்கள்: சம்பளம் 7-ஆம் தேதி, லோன் 5-ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால் ஜூலை 24-இல் வந்த பணத்தை அதுவரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். செப்டம்பரில் சம்பளம் 4-ஆம் தேதி, அவர் அனுப்பி இங்கே கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆனாலே 5 தாண்டிவிடும், வங்கி அபராதம் போடும். என் வீட்டிலும் இப்படி ஒரு தடவை இரண்டு நாள் பிந்தி அபராதம் கட்டியிருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் வீட்டுச் செலவு, சீட்டு, லோன் எல்லாவற்றையும் 4,800-க்குள் அடக்கிவிடுங்கள். மே 29 சம்பளத்தை இன்னும் செலவழிக்கவில்லை என்றால் தனிக் கணக்கில் போட்டு, லோனை எப்போதும் அதிலிருந்தே கட்டுங்கள், அடுத்த சம்பளம் வந்ததும் எடுத்த அளவைத் திரும்ப நிரப்புங்கள். அப்புறம் சம்பளம் எந்த வெள்ளி வந்தாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை. அது செலவாகிப் போயிருந்தால் அக்டோபர் 30 சம்பளத்தை இதற்கே ஒதுக்குங்கள். கிறிஸ்துமஸ் துணிமணி என்று அது கரையத்தான் பார்க்கும், விடாதீர்கள்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். 26 சம்பளம் என்பது 364 நாள், வருடத்துக்கு ஒரு நாள், லீப் வருடத்தில் இரண்டு நாள் மிஞ்சும், அது சேர்ந்து சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை 27-ஆவது சம்பளம் வரும். இவருடைய வெள்ளிக்கிழமைகளை எண்ணினால் அது 2032 டிசம்பர் 31. அப்படிப்பட்ட வருடத்தில் சில கம்பெனிகள் 2,400-ஐ அப்படியே 27 தடவை தருவார்கள், சிலர் வருடச் சம்பளத்தை 27-ஆல் வகுத்து 2,311 ஆக்கிவிடுவார்கள். இவருடைய கம்பெனி எந்த வகை என்று சம்பளப் பிரிவில் ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.