லிமிட் கூட்டித் தாரோம்னு வந்த போன்

"பாளையங்கோட்டையில இருக்கேன். கார்டு லிமிட்டைக் கூட்டித் தாரோம்னு போன். கார்டு நம்பர், எக்ஸ்பைரி, சிவிவி சொல்லிட்டேன். ஓடிபி கேட்டதும் கட் பண்ணிட்டேன். பணம் போகல. விட்டுரலாமா?"

விட்ராதீங்க அண்ணாச்சி. நம்மூர் இணையக் கடைகள்லதான் ஓடிபி கட்டாயம். பல வெளிநாட்டுத் தளங்கள்ல நீங்க சொன்ன மூணு விவரமே போதும், ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம். இன்னைக்குப் போகலைன்னா நாளைக்குப் போகலாம்.

முதல்ல பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ஆன்லைன் பரிவர்த்தனையையும் அணைங்க. அடுத்து கார்டுக்குப் பின்னால இருக்க நம்பருக்குக் கூப்பிட்டு கார்டை பிளாக் பண்ணி, புது நம்பர்ல மாத்துக் கார்டு கேளுங்க. பின் நம்பரை மட்டும் மாத்தினா சிவிவி மாறாது. புகார் எண்ணைக் குறிச்சு வைங்க. ரிசர்வ் வங்கியோட 2017 விதிப்படி, நாமளே விவரம் சொல்லிப் போன பணம், பேங்க்ல சொல்ற வரைக்கும் நம்ம தலையில. சொன்ன பிறகு போனா பேங்க் பொறுப்பு. அதான் அவசரம்.

அம்பாசமுத்திரத்துல எங்க மதினிக்கு ரிவார்டு பாயிண்ட்டைப் பணமாக்கித் தாரோம்னு கூப்பிட்டான். கார்டோட கடைசி நாலு எண்ணை அவனே சொன்னதுல நம்பிட்டாங்க. வந்த ஓடிபி மெசேஜ்ல ஒரு கடைப் பேரும் 18,400 ரூபாயும் இருந்துச்சு. பாயிண்ட் வரவு வைக்க எதுக்குவே கடைப் பேரு? படிக்காமலே எண்ணைச் சொல்லிட்டாங்க.

பணம் போயிருந்தா உடனே 1930, இல்லன்னா cybercrime.gov.in.