பீபெரி காபிக்கொட்டை உண்மையிலேயே ருசி அதிகமா?

கேள்வி: காபிப் பொடிக் கடையில் பீபெரி என்றால் விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். அது என்ன தனி ரகமா? ருசி நிஜமாகவே அதிகமா?

தனி ரகம் இல்லை. எல்லாக் காபிச் செடியிலும் காய்ப்பதுதான். வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி வளரும்; அதனால்தான் ஒரு பக்கம் தட்டை. சில பழங்களில் ஒரு விதை கருவிலேயே நின்றுவிடும். மிஞ்சிய ஒன்று முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி.

விலைக்குக் காரணம் இங்கேதான். 100 கிலோ கொட்டையில் இது சுமார் 5 முதல் 10 கிலோதான் தேறும். அதையும் சல்லடையில் சலித்துத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

ருசி? 'சத்தெல்லாம் ஒரே கொட்டைக்குப் போகிறது' என்பார்கள். அதை நான் நம்புவதில்லை. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு சீராக வறுபடலாம், அவ்வளவுதான். ருசியைத் தீர்மானிப்பது செடியும் தோட்டமும் வறுவலும். பீபெரி என்றால் அரபிகாச் செடியின் கொட்டை என்றும் அர்த்தமில்லை, ரோபஸ்டாச் செடியிலும் உண்டு. ரோபஸ்டா பீபெரியைவிட, பிளான்டேஷன் ஏ என்று விற்கும் நல்ல அரபிகா தட்டைக் கொட்டை எனக்கு மணமாகவே இருக்கிறது.

வாங்கும்போது எந்தச் செடியின் பீபெரி என்று கேளுங்கள். அப்புறம், அரைப்பதற்கு முன் கொட்டையைப் பாருங்கள். தட்டைக் கொட்டை நிறைய கலந்திருந்தால் அந்த விலை கொடுக்காதீர்கள். அரைத்த பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பாலும் சிக்கரியும் சேர்த்துக் குடிப்பவருக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம்.