பழைய புரோநோட்டில் வரவு எழுதினால் கெடு எப்போது வரை? கேள்வி பதில்

சார், 12.04.2022-இல் இரண்டு லட்சம் கொடுத்து புரோநோட்டு எழுதி வாங்கினேன். 20.03.2025-இல் ஐயாயிரம் கட்டி, பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். வழக்குப் போட 12.04.2028 வரை டைம் இருக்கிறதல்லவா?

இல்லை, 20.03.2028 வரைதான். பழைய கெடு முடிகிற தேதியோடு மூன்று வருடத்தைக் கூட்டுவது பலரும் போடுகிற தப்புக் கணக்கு. பணம் கட்டிய தேதியிலிருந்து புதிதாக எண்ண வேண்டும். பழைய கெடுவில் மிச்சமிருந்த மூன்று வாரம் சேராது. 2028 ஏப்ரல் முதல் வாரத்தில் நிதானமாகக் கோர்ட்டுக்குப் போனால் வழக்கு தள்ளுபடிதான். எதிராளி அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிபதி தள்ளியாக வேண்டும்.

அண்ணா, எனக்கு அவர் கையெழுத்தெல்லாம் போடவில்லை. மாதாமாதம் கையில் கொடுப்பார், நான் என் டைரியில் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். அது போதாதா?

போதாதும்மா. வரவு கடன்காரர் கையால் எழுதியதாக இருக்க வேண்டும், அல்லது யார் எழுதினாலும் கீழே அவர் கையெழுத்து இருக்க வேண்டும். உங்கள் டைரி உங்களுக்கு நினைவுக்குறிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. பணம் கெடுவுக்குள் கட்டியதாக இருக்க வேண்டும். அதைக் காட்டும் எழுத்தை, வழக்குப் போடுவதற்கு முன் எப்போது வாங்கினாலும் சரி. நோட்டின் பின்பக்கத்தில் ‘இந்த நோட்டு வகையில் இன்ன தேதியில் ரூ.3,000 கட்டியிருக்கிறேன்’ என்று எழுதி வாங்குங்கள். நிஜத் தேதியைத்தான் போட வேண்டும். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது திடீரென்று முளைத்த வரவு என்றால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். கையெழுத்தே என்னுடையது இல்லை என்று அவர் மறுத்தால், நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

இதுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்கணுமா? கெடு தாண்டினாலும் ஆயிரம் ரூபாய் வாங்கி வரவு எழுதிவிட்டால் நோட்டுக்கு உயிர் வந்துவிடும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

பாதி சரி. கெடுவுக்குள் வாங்கினால் உயிர் நீளும். தாண்டிய பிறகு வாங்கிய ஆயிரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. ‘பாக்கி இருப்பது உண்மை’ என்று எழுதிக் கொடுத்தாலும் அதே கதைதான்.

தாண்டிய கடனுக்கு வேறு கதவு இருக்கிறது, அது ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு. பழைய பாக்கியை ‘தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம். கெடு போன நோட்டுக்குப் பதிலாகப் புது நோட்டு எழுதி வாங்குவது செல்வதும் இதனால்தான். பாக்கி இருக்கிறது என்பது வேறு, தருகிறேன் என்பது வேறு.

நான் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கெடு முடியும் முன்பே பாக்கியை ஒப்புக்கொண்டு கடிதம் வாங்கிவிடுவோம், அதனால் தப்பித்தோம். இப்போது எல்லோரும் ஜிபேயில் அனுப்புகிறார்களே, கையெழுத்துக்கு எங்கே போவது?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். செக்காக இருந்தால் அதிலேயே கையெழுத்து இருக்கிறது, எந்தக் கடனுக்கு என்பதை மட்டும் நிரூபித்தால் போதும் என்று வாதாடலாம். ஜிபேயில் பணம் வந்தது தெரியும், கையெழுத்து எங்கே என்று எதிர்தரப்பு கேட்கும். அனுப்பியதே ஒப்புதல் என்றும் வாதாடலாம்தான். ஆனால் அதை நம்பி நான் யாரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் பழைய வழக்கம்தான் இன்றைக்கும் நல்லது: பணம் வந்த அன்றே ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிவிடுவது.

நான் கடன் வாங்கியவன். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘வாங்கியது உண்மை, ஆனால் இப்போது தர முடியாது’ என்று பதில் போட்டால் கெடு மறுபடி ஓடுமா?

ஓடும், கெடு இன்னும் முடியாமல் இருந்தால். தர மறுத்தாலும் கடனை ஒப்புக்கொண்டதாகவே ஆகும். பதிலில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மூன்று வருடம். உங்கள் சார்பில் வக்கீல் கையெழுத்திட்டாலும் அப்படித்தான். நோட்டீஸ் அனுப்பியதால் மட்டும் கடன் கொடுத்தவருக்கு ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்காது. அதற்காக வாங்கவே இல்லை என்று பொய் எழுதாதீர்கள், அது வேறு வம்பு. முதலில் நோட்டின் தேதியையும் பின்பக்கத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள், அப்புறம் பதில்.

ஐயா, என் வழக்கில் டிகிரி வாங்கி பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் பத்தாயிரம் கட்டிக் கையெழுத்தும் போட்டார். எனக்கும் புதிதாக மூன்று வருடம் கிடைக்குமா?

உங்களுடையது வேறு கணக்கு. மேலே சொன்ன வரவு விதியில் டிகிரித் தொகை சேராது என்று சட்டமே ஒதுக்கிவிட்டது. பணத்துக்கான டிகிரியை நிறைவேற்ற பன்னிரண்டு வருடம். அந்தப் பத்தாயிரம் கடன் தொகையைக் குறைக்கும், கெடுவை நீட்டாது. டிகிரி நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நிறைவேற்று மனு போடுங்கள்.