மூன்றே நாளில் முட்டிவலியை ஓட்டிய மூலிகை மாத்திரை

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 63 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். முட்டிவலிக்காக பேஸ்புக் விளம்பரத்தில் பார்த்து, 'நூறு சதவீதம் மூலிகை' என்று ஒரு மாத்திரையை வரவழைத்து நான்கு மாதமாகத் தினமும் காலையில் சாப்பிடுகிறார். மூன்றே நாளில் வலி போய்விட்டது. ஆனால் இப்போது காலையில் சுகர் 8 மில்லிமோல், சாயங்காலம் 18 காட்டுகிறது. முகமும் உப்பியிருக்கிறது. ஒரு ஆன்லைன் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்காமலே, சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை தருகிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? மூலிகையை இன்றைக்கே நிறுத்திவிடச் சொல்லட்டுமா?
— ஒரு மகள், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கிளிபென்கிளமைடு வாங்க வேண்டாம். மூலிகை மாத்திரையையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அந்த டப்பாவோடு அம்மாவை இன்றோ நாளையோ ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

தேய்ந்த முட்டியின் வலியை மூன்று நாளில் அடியோடு போக்கும் மூலிகை எதையும் நான் பார்த்ததில்லை. அப்படிப் போக்கக்கூடியது ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கு மூலிகை என்று விற்ற மாத்திரைகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தும் லேபிளில் சொல்லாமல் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் பரிசோதித்துக் கண்டுபிடித்து, பெயர் சொல்லி எச்சரித்தது. உங்கள் அம்மாவின் மாத்திரையிலும் அதுவேதான் இருக்கிறது என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அந்தப் பக்கமே காட்டுகின்றன.

முக்கியமாக அந்த இரண்டு எண்கள். சாதாரணமாகச் சர்க்கரை நோய் முற்றும்போது காலை வெறும் வயிற்று அளவும் கூடவே ஏறிக்கொண்டு வரும். காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி இருக்காது. மதியத்துக்கு மேல் ஏறி, சாயங்காலம் உச்சத்துக்குப் போய், இரவில் மெல்ல இறங்கி, விடியும்போது ஓரளவு நல்ல அளவாகத் தெரியும். காலை 8, மாலை 18 என்பது ஏறக்குறைய அந்தக் கோலம்தான். வீட்டிலேயே இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். கன்னம் வட்டமாகி, முன்கையில் தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே நீலம் பாய்கிறதா? இரவில் தூக்கம் வராமல் பசி மட்டும் அதிகமா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைத்துவிடும். முட்டியைத் தாங்குவதே அந்தத் தசைதான். வலி தெரியாமல் இருக்கிறதே தவிர, முட்டி உள்ளுக்குள் இன்னும் பலவீனமாகிக்கொண்டு வருகிறது.

சரி, அப்படியானால் ஏன் உடனே நிறுத்தக்கூடாது? நம் சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், அவை வேலையை நிறுத்திவிடும். நான்கு மாதம் ஓய்ந்திருந்த சுரப்பி ஒரே நாளில் விழித்துக்கொள்ளாது. மாத்திரையை நிறுத்தினால் அம்மாவுக்கு மூட்டுவலி முன்னைவிடப் பலமாகத் திரும்பும், அடித்துப்போட்டது போல அசதி வரும், வாந்தி வரலாம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி மயங்கி விழலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி நிற்காமல் வந்தாலோ, தலைசுற்றி ஆள் மந்தமானாலோ காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177-இல் போன் செய்யுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக் கேஷுவல்டிக்குப் போங்கள். அங்கே முதல் வாக்கியமாகவே "நான்கு மாதமாக ஸ்டீராய்டு கலந்ததாகச் சந்தேகப்படும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்" என்று சொல்லுங்கள். கார்டிசாலை ஈடுகட்டும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உடனே தோன்றும்.

டாக்டர் என்ன செய்வார்? காலை எட்டு மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசால் அளவு பார்க்கச் சொல்வார். முகம் ஸ்டீராய்டு முகமாக இருந்து, சொந்த கார்டிசால் மிகக் குறைவாக வந்தால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போகிறது என்று ஏறக்குறைய தெளிவாகிவிடும். அப்புறம் அந்த மாத்திரைக்குப் பதிலாக, அளவு தெரிந்த ஸ்டீராய்டான பிரெட்னிசோனைக் கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார். மூலிகை மாத்திரையையே பாதியாக உடைத்துக் குறைக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு டப்பாவில் இருந்த அளவு அடுத்த டப்பாவில் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்திருக்கலாம் என்பதால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

இப்போது அந்த ஆன்லைன் கடைக்கு வருகிறேன். கிளிபென்கிளமைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். சாயங்காலம் 18 இருக்கிறதே என்று கொடுத்தால், ஏற்கெனவே தானாக இறங்கும் விடியற்கால சர்க்கரை 3-க்கும் கீழே போய்விடலாம். தூக்கத்தில் நடந்தால் யாருக்கும் தெரியாது. சிறுநீரகம் கொஞ்சம் கெட்டிருந்தால் மருந்து உடம்பில் தங்கி, தாழ்வு மறுநாளும் தொடரும். ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்கச் சர்க்கரை தானாகவே இறங்கும். அன்று இந்த மாத்திரையே எமனாகும். அதனால்தான் வயதானவர்களுக்கு இதை எழுத டாக்டர்கள் இப்போது தயங்குகிறார்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு எல்லாம் மூன்றாம் பட்டியல் மருந்துகள், பிரெட்னிசோன் நான்காம் பட்டியல். பெட்டியிலேயே எஸ்3, எஸ்4 என்று அச்சிட்டிருக்கும். மூன்றிலிருந்து மேலே எதையும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. "சிறுநீரகக் கோளாறு உண்டா? இல்லை" என்று ஆன்லைன் படிவத்தில் நீங்களே ஒரு கட்டத்தில் டிக் அடிப்பது சீட்டு ஆகாது. அம்மாவின் கிரியாட்டினின் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாதே. சீட்டு கேட்பது, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவர் நடுவில் இருக்கிறார் என்பதற்காக.

ஆன்லைனில் விற்பவர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. முறையான கடை தென்னாப்பிரிக்க பார்மசி கவுன்சிலில் பதிவாகியிருக்கும். கவுன்சிலின் வலைத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஒவ்வொரு பார்மசிக்கும் பொறுப்புள்ள மருந்தாளுநர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் பெயரையும் கடையின் தெரு முகவரியையும் கேளுங்கள். வாட்ஸ்அப் எண் மட்டும் தந்து, முதலில் பணத்தை அனுப்பச் சொல்லி, மாத்திரையைப் பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் பையில் அனுப்புகிறவர்களிடம் இந்த இரண்டும் கிடைக்காது.

செலவை நினைத்துத்தான் அங்கே பார்த்தீர்கள் என்றால், அரசு கிளினிக்கில் சர்க்கரை மருந்தும் பரிசோதனையும் இலவசம். வரிசை நீளம்தான், காலையிலேயே போங்கள். மருந்து டப்பா, மிச்ச மாத்திரைகள், விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, எதையும் தூக்கிப்போடாதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவுக்கு டாக்டரோ நீங்களோ புகார் அனுப்பலாம். அதற்கு அவர்களின் மெட் சேஃப்டி செயலி இருக்கிறது. அந்த மாத்திரையைச் சாப்பிடும் வேறு யாரையாவது அம்மாவுக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரிந்தால், அவர்களும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்கட்டும்.