வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டலாமா?

கேள்வி: "பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை, டாக்டர் கையால் எழுதின மருந்துச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. நானே வாய்ஸ் மெசேஜில் படித்து அனுப்பிவிடட்டுமா?"

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். முதலில் போன் போட்டுப் பேசுங்கள். சீட்டு யாருடையது, எந்த தேதியில் எழுதியது, மருந்து ஏற்கனவே கையில் இருக்கிறதா இனிமேல்தான் வாங்கணுமா, இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. மாமாவுடைய பழைய சீட்டாகவும் இருக்கலாம், "இந்த மருந்து அங்கே பினாங்கில் கிடைக்குமா" என்று கேட்கத்தான் அனுப்பினாரோ என்னவோ.

நான் பார்மசிஸ்ட், ஜார்ஜ்டவுனில் தினமும் இந்த மாதிரி சீட்டுகளைப் பார்க்கிறேன். கிறுக்கலாக இருக்கும் எழுத்து, பார்க்கிறவருக்குக் கிறுக்கல் என்றே தெரியும், சந்தேகப்பட்டு இன்னொருவரிடம் கேட்பார். அதையே நீங்கள் வாயால் சொல்லிவிட்டால் தெளிவான வார்த்தையாகிவிடுகிறது, அதில் எது நீங்கள் யூகித்தது என்று அத்தைக்குத் தெரியவே தெரியாது. வாய்ஸ் மெசேஜ் என்றால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதன்படியே மாத்திரை போடுவார்.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மூட்டுவாதத்துக்கு எழுதியது. முதல் வரியில் "எம்டிஎக்ஸ் 7.5", பக்கத்தில் வாரம் ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கிறுக்கல், கடைசியில் 4/52. அடுத்த வரியில் ஃபோலிக் ஆசிட் 5. எம்டிஎக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட். 4/52 என்றால் நான்கு வாரத்துக்கான மருந்து, ஏனென்றால் வருடத்துக்கு 52 வாரம். அதேபோல 5/7 ஐந்து நாள், 1/12 ஒரு மாதம். பழக்கமில்லாதவர் இதை "நான்கு நான்காக, மொத்தம் 52 மாத்திரை" என்று படித்துவிட வாய்ப்பு நிறைய. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் 7.5-இல் இருக்கும் புள்ளி காணாமல் போய் 75 ஆகிவிடும்.

இதில் உயிருக்கே ஆபத்தான இடம் அந்தச் சின்னக் கிறுக்கல்தான். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். மாத்திரை 2.5 மில்லிகிராம் என்றால் அந்த ஒரு நாளைக்கு மூன்று. மற்ற மாத்திரைகளைப் பெரும்பாலும் தினமும் சாப்பிடுவதால், படிக்கிறவரும் தானாக "தினமும் மூன்று" என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு வாரம் போனால் 7.5-க்குப் பதிலாக 52.5 மில்லிகிராம் உள்ளே போய்விடும். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாமல் ரத்தம் கசிவது, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதே குறைந்துபோவது என்று வரிசையாக வரும். கூட எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் மஞ்சள் மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட்டும் பல சமயம் மஞ்சள், அதனால் கண் சரியாகத் தெரியாதவருக்கு நிறத்தை வைத்து அடையாளம் சொல்லவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? மருந்து ஏற்கனவே வாங்கியிருந்தால் சீட்டை விட்டுவிடுங்கள், மருந்துப் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் அளவு பெரும்பாலும் அச்சில் இருக்கும், மலாயில் "செஹாரி" என்றால் ஒரு நாளைக்கு, "செமிங்கு" என்றால் ஒரு வாரத்துக்கு. அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். லேபிளும் சீட்டும் ஒத்துப்போகவில்லையா, லேபிளே இல்லையா, சீட்டில் கிளினிக் சாப் இருக்கும், அங்கே போன் செய்து கேளுங்கள், அல்லது அத்தை வீட்டுக்குப் பக்கத்து பார்மசியில் சீட்டையே காட்டச் சொல்லுங்கள். படம் பார்த்து எந்த பார்மசிஸ்ட்டும் நூறு சதவீதம் உறுதி சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன், எழுதின டாக்டரைக் கூப்பிட்டுத்தான் கேட்பேன்.

உறுதியானதும் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், நேரில் பேசுகிற மாதிரி போனில் சொல்லுங்கள். ஒவ்வொரு மருந்தாகச் சொல்லி, அத்தையைத் திரும்பச் சொல்ல வையுங்கள். எண்களைத் தமிழில் சொல்லுங்கள், போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒரே மாதிரி கேட்கும், பதினைந்தும் ஐம்பதும் அப்படிக் குழம்பாது. வார மருந்து என்றால் "வாரம் ஒருமுறை" என்பதோடு நிறுத்தாமல் கிழமையையும் டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள், "திங்கட்கிழமை மட்டும்" என்று. அப்புறம், குடும்ப குரூப்பில் இதைப் போட வேண்டாம். அத்தைக்கு என்ன நோய் என்பது மருந்தின் பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஏற்கனவே தினமும் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி, "நல்லாத்தானே இருக்காங்க" என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். ரத்த அணுக்கள் குறைவது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதுவரை ரத்தப் பரிசோதனையில்தான் தெரிய வரும். மாத்திரை அட்டையையும் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள், எந்த நாளிலிருந்து எத்தனை சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.